வேள்விகுடி யாருடைய ஊர்?

பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனுக்கு அது மூன்றாவது ஆட்சியாண்டு. ஒருநாள் மதுரையில் அரசன் காதில் விழும்படி ஒருவர் குரலெடுத்து முறையிட்டார். அரசன் அவரைக் கூப்பிட்டு என்ன குறை என்று கேட்டான். "பாகனூர்க் கூற்றத்தில் இருக்கிற வேள்விகுடி எங்கள் ஊர். உங்கள் முன்னோர் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, எங்கள் முன்னோர் கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு வேள்விச் சாலையில் நின்று நீர்வார்த்துக் கொடுத்தது. களப்பிரர் வந்து பறித்துக்கொண்டார்கள்" என்பது அவர் சொன்னதன் சாரம். அரசன் புன்னகைத்து, "நன்று, நன்று" என்றான். நாட்டாரைக் கொண்டு அதன் பழமையைக் காட்டிப் பெற்றுக்கொள் என்று சொன்னான். அவரும் அப்போதே காட்டினார். முன்னோர் கொடுத்ததை நானும் கொடுத்தேன் என்று அரசன் மறுபடி நீர்வார்த்துக் கொடுத்தான்.

வேள்விகுடிச் செப்பேடு சொல்லும் கதை இது. பத்து ஏடுகளில், வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் இருக்கின்றன. கிருஷ்ண சாஸ்திரி பதிப்பித்து எபிகிராபியா இண்டிகாவின் 17-ஆம் தொகுதியில் வெளியிட்டார். முறையிட்டவரின் பெயரைக் காமக்காணி நற்சிங்கன் என்று சிலரும், சுவரன்சிங்கன் என்று சிலரும் படிக்கிறார்கள். களப்பிரர் வரலாற்றைப் பற்றிப் பேசும் எல்லோரும் இந்தச் செப்பேட்டை எடுக்காமல் நகர முடியாது. பெரும்பாலும் களப்பிரர் என்ற சொல் வரும் இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் இது அடிப்படையில் ஒரு நில வழக்கின் தீர்ப்பு. மனுதாரர் இருக்கிறார், மூலப் பத்திரம் என்று சொல்லப்படும் பழைய தானம் இருக்கிறது, இடையில் உரிமை பறிபோன கதை இருக்கிறது, சாட்சி இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, நான்கெல்லை இருக்கிறது. நிலத்துக்கும் அரசர் கொடைக்கும் செப்பேடு எந்த அளவுக்குச் சான்றாகும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் தமிழில் இல்லை என்று நினைக்கிறேன்.

இந்தப் பத்து ஏடுகளும் ஒரே காலத்தில் எழுதப்பட்டவை. ஆனால் அவை பேசும் காலம் மூன்று. அடியில் இருப்பது முதுகுடுமியின் காலம். அடுத்தது களப்பிரர் காலமும், அவர்களை வென்று கடுங்கோன் பாண்டியர் ஆட்சியை மீட்டதும். மேலே இருப்பது நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆண்டு. ஒரே செப்பேடு சொல்வதால் மூன்றுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்துவிடக் கூடாது.

முதுகுடுமியை எடுத்துக்கொள்வோம். அவன் கற்பனை அரசன் அல்லன். புறநானூற்றில் அவனைப் பாடிய பாட்டுகள் இருக்கின்றன. அவன் நட்ட வேள்வித் தூண்கள் பேசப்படுகின்றன. செப்பேடு சொல்வதும் சங்கப் பாட்டு சொல்வதும் பொருந்துகின்றன என்பதால் தானமும் உண்மையே என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. அங்கேதான் கவனம் வேண்டும். வேள்வி பல செய்த பாண்டியன் என்று முதுகுடுமியின் புகழ் எட்டாம் நூற்றாண்டு மதுரையில் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வேள்விக்காக ஊர் பெற்றோம் என்று சொல்லும் ஒரு குடும்பம், கொடுத்தவனாக வேறு எந்த அரசனைச் சொல்லும்? சங்கப் பாட்டோடு பொருந்துவது, அந்தப் பெயர் மக்கள் நினைவில் இருந்ததைக் காட்டுகிறது. நற்கொற்றன் என்பவருக்கு இந்த ஊர் கொடுக்கப்பட்டது என்பதற்கு இந்த ஒரு செப்பேட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தச் சாட்சியும் பல நூற்றாண்டு கழித்து, அந்த ஊரால் பயன்பெறும் குடும்பத்தின் வாயிலாக வருகிறது.

இரண்டாவது காலத்தில் சிக்கல் இன்னும் பெரிது. களப்பிரர் பறித்தார்கள் என்கிறது செப்பேடு. அந்தக் களப்பிரரைக் கடுங்கோன் வென்றான் என்றும் அதே செப்பேடு சொல்கிறது. கடுங்கோன் ஆறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியவன். அவனிலிருந்து நெடுஞ்சடையன் வரை ஏழு பாண்டியர்களைச் செப்பேடே வரிசையாகச் சொல்கிறது: கடுங்கோன், மாறவர்மன் அவனிசூளாமணி, செழியன் சேந்தன், அரிகேசரி மாறவர்மன், கோச்சடையன், தேர்மாறன், நெடுஞ்சடையன். ஏறத்தாழ 170 ஆண்டுகள். பறித்தவன் தோற்றுப் போய், கொடுத்தவனின் வழியினர் மதுரையில் அரியணை ஏறி, ஆறு பேர் ஆண்டு முடித்திருக்கிறார்கள். அவ்வளவு காலமும் இந்தக் குடும்பம் ஏன் கேட்கவில்லை? கேட்டுக் கிடைக்கவில்லையா? அந்த 170 ஆண்டுகளில் வேள்விகுடியில் உழுதது யார், வாரம் வாங்கியது யார்? அவர்களிடமிருந்து ஊர் எந்த அரசனின் ஆணையால் கைமாறியது?

செப்பேடு இதற்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு என்று ஒருவர் அந்த அவையில் நிற்கவே இல்லை. களப்பிரரை எதிர்த்தரப்பாக நிறுத்திவிட்டால், கண்முன்னே நிலத்தில் இருந்தவர்களைப் பற்றிப் பேச வேண்டிய தேவை போய்விடுகிறது. களப்பிரர் கொடுங்கோலர் என்ற எண்ணம் தமிழ் வரலாற்றில் நெடுங்காலம் நிலைத்ததற்கு இந்த மனுவும் ஒரு காரணம். ஊரைத் திரும்பக் கேட்கும் ஒருவரின் வாக்குமூலத்தை ஒரு காலகட்டம் முழுவதற்குமான தீர்ப்பாக நாம் வாசித்துவிட்டோம்.

சாட்சி விஷயத்தையும் பார்க்க வேண்டும். பழைய ஓலையையோ செப்பேட்டையோ அவர் அரசனிடம் நீட்டினார் என்று எங்கும் இல்லை. நாட்டார் என்பவர்கள் அந்த வட்டாரத்தின் நிலக்கிழார்கள். நிலத்தின் எல்லையும் யார் யாருக்கு எது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் 'ஆம், பழமையானது' என்று சொன்னால் அது சான்று. அந்தக் காலத்தில் எழுத்தைவிட ஊராரின் நினைவுக்கு எவ்வளவு எடை இருந்தது என்பதற்கு வேள்விகுடி அருமையான ஆதாரம். அதே நேரத்தில், எத்தனை நூறு ஆண்டுக்கு முந்தைய தானத்தை நாட்டார் எந்த அடிப்படையில் உறுதிப்படுத்தினார்கள் என்பது நம் கைக்கு எட்டாது.

மூன்றாவது காலத்துக்கு வரும்போதுதான் தரை உறுதியாகிறது. அதற்குக் காரணம் செப்பேடு மட்டும் அல்ல, மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கோயில்.

ஒத்தக்கடை வழியாகப் போனவர்கள் யானைமலையைப் பார்த்திருப்பார்கள். அதன் அடிவாரத்தில், நரசிங்கம் என்ற ஊரில், பாறையைக் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே கிரந்தத்திலும் வட்டெழுத்திலும் கல்வெட்டுகள் உண்டு. மாறன்காரி என்ற உத்தரமந்திரி, களக்குடி வைத்திய குலத்தைச் சேர்ந்தவர், இந்தக் கற்கோயிலைச் செய்வித்தார் என்றும், நீர்த்தெளித்துக் குடமுழுக்குச் செய்வதற்குள் இறந்துபோனார் என்றும், அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த தம்பி மாறன்எயினன் முகமண்டபம் எடுத்துக் குடமுழுக்குச் செய்தார் என்றும் அவை சொல்கின்றன. வடமொழிக் கல்வெட்டில் கலியாண்டு 3871 என்று ஆண்டே கொடுத்திருக்கிறார்கள். கணக்கிட்டால் கி.பி. 770.

இப்போது செப்பேட்டுக்குத் திரும்புங்கள். அரசனின் ஆணையை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்த அதிகாரியை ஆணத்தி என்பார்கள். வேள்விகுடிச் செப்பேட்டின் ஆணத்தி, கரவந்தபுரத்து வைத்திய குலத்து மாறன்காரி. கரவந்தபுரம் என்பது களக்குடிக்கு இன்னொரு பெயர். ஆளும் ஒன்று, குலமும் ஒன்று, ஊரும் ஒன்று. யானைமலைக் கோயிலை எடுத்தவர்களுக்கு வேள்விகுடி வழக்கோடு எந்த ஆதாயமும் இல்லை. அந்தக் கல்வெட்டை வைத்துச் செப்பேட்டுக்குப் பலம் சேர்க்க வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. அப்படிப்பட்ட இரண்டு ஆவணங்கள் ஒரே ஆளைக் காட்டும்போது இரண்டுமே உயர்கின்றன. அதோடு, மாறன்காரி உயிரோடு இருக்கும்போது செப்பேடு எழுதப்பட்டது. 770-இல் அவர் இல்லை. எனவே நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டு அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது. செப்பேட்டில் ஆட்சியாண்டு மட்டும்தான் உண்டு. அதை நம் காலண்டரில் பொருத்திக் கொடுத்தது கோயில் கல்வெட்டு. முற்காலப் பாண்டியர் காலவரிசை முழுவதும் இந்த இணைப்பில் பெரும்பகுதி தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, 770-ஐ ஒட்டி வேள்விகுடி என்ற ஊர் ஒரு குடும்பத்துக்கு அரச ஆணையால் கொடுக்கப்பட்டது என்பதை எந்த நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். எல்லைகள் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. கிழக்கே நகரூர் எல்லை, தெற்கே ஒரு குளத்து ஆலமரம், மேற்கே கொற்றன்புத்தூர். பாகனூர்க் கூற்றம் மதுரையை ஒட்டிய பகுதி. இன்றைய சோழவந்தான் அந்தக் கூற்றத்தில் இருந்ததைப் பிற்காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. எந்தச் செப்பேட்டிலும் எல்லைப் பகுதிதான் எனக்கு முதலில் படிக்கத் தோன்றும். அரசன் எத்தனை யானையை வென்றான் என்பதில் மிகைப்படுத்தலாம். பக்கத்து ஊரின் எல்லையை மிகைப்படுத்தினால் அடுத்த நாளே சண்டை வரும். அதனால் அங்கே எழுதியவர்கள் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள்.

எல்லை எப்படி ஏட்டுக்கு வந்தது என்பதை வேள்விகுடிச் செப்பேடு விளக்கமாகச் சொல்லவில்லை. அதற்கு ஏறத்தாழ அதே காலத்துப் பல்லவச் செப்பேடு ஒன்று கைகொடுக்கிறது. காரைக்காலுக்கு அருகே 1879-இல் கிடைத்த காசாக்குடிச் செப்பேடு நந்திவர்ம பல்லவமல்லனின் 22-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொடுகொள்ளி என்ற ஊர் ஏகதீரமங்கலம் என்று பெயர் மாறி, ஒரு சோமயாஜிக்குப் பிரமதேயமாகிறது. அரசனிடமிருந்து ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நாட்டாருக்குத் திருமுகம், அதாவது ஆணையோலை வருகிறது. நாட்டார் அதைக் கண்டு தொழுது தலைமேல் வைக்கிறார்கள். பிறகு எல்லையைச் சுற்றி நடக்கிறார்கள். கல்லும் கள்ளிச் செடியும் நட்டு அடையாளம் செய்கிறார்கள். நடந்து முடித்தபின், செய்தோம் என்று அறையோலை எழுதி அனுப்புகிறார்கள். செப்பேட்டில் நாம் காண்பது இந்த ஓலைகளின் சாரம். செம்பில் வெட்டுவது கடைசி வேலை.

இதனால் ஒன்று விளங்கும். செப்பேடு என்பது நிர்வாகத்தில் ஓடிய ஓலைகளுக்குப் பின்னால், பெற்றவர் கையில் நிலையாக இருக்கட்டும் என்று செய்து கொடுத்த பிரதி. மூல ஓலைகள் கரையானுக்குப் போய்விட்டன. அரசின் வரிப்பொத்தகமும் போய்விட்டது. ஒரு தரப்பின் பெட்டியில் இருந்தது மட்டும் பிழைத்திருக்கிறது. நமக்குக் கிடைத்திருப்பவற்றில் கொடை பெற்றவர்களின் குரல் ஓங்கியிருப்பதற்கு இது முக்கியக் காரணம். வேள்விகுடி ஏட்டில் தமிழ்ப் பகுதியை இயற்றிய ஏனாதி சாத்தன்சாத்தனுக்கும், எழுத்தை வெட்டிய யுத்தகேசரிப் பெரும்பணைகாரனுக்கும் அதே ஊரில் நிலம் கிடைத்தது என்று அந்த ஏடே சொல்கிறது. எழுதியவர், வெட்டியவர், பெற்றவர் எல்லோருக்கும் அந்த ஊரில் பங்கு இருந்திருக்கிறது.

பெற்றவர் ஊரை முழுதாக வைத்துக்கொள்ளவும் இல்லை. மூன்றில் ஒரு பங்கைத் தமக்கு நிறுத்திக்கொண்டு, மற்ற இரண்டு பங்கையும் ஐம்பது பிராமணர்களுக்குத் தாமே நீர்வார்த்துக் கொடுத்தார். அரசன் கொடுத்தான் என்று ஒரே வரியில் நாம் சொல்லிவிடும் கொடைக்குள், பங்கு பிரித்துக் கொடுக்கும் இரண்டாவது கொடை ஒன்று இருக்கிறது. இவ்வளவு பேருக்கும் ஆதாயம் தரும் ஒரு மனுவை ஒருவர் தனியாக நின்று கேட்டிருப்பாரா, பின்னால் ஒரு கூட்டமே இருந்திருக்குமா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

அடுத்த கேள்வி, பெற்றவர்களுக்கு என்னதான் கிடைத்தது என்பது. மண்ணா, மண்ணின் மேல் வரும் வருமானமா? இன்றைய பட்டாவை மனத்தில் வைத்துக்கொண்டு செப்பேட்டைப் படித்தால் இங்கே தடுக்கி விழுவோம். ஒரே நிலத்தின் மேல் அடுக்கடுக்காக உரிமைகள் இருந்தன. உழுது பயிரிடும் உரிமை ஒன்று, அதற்கு மேலிருந்து வாரம் வாங்கி ஆளும் உரிமை இன்னொன்று, அரசுக்கு வரி வாங்கும் உரிமை மற்றொன்று. முன்னதைக் காராண்மை என்றும் அடுத்ததை மீயாட்சி என்றும் பாண்டிய நாட்டு ஆவணங்கள் சொல்லும். இதே நெடுஞ்சடையன் 17-ஆம் ஆண்டில் வெளியிட்ட சீவரமங்கலச் செப்பேட்டில், வேலங்குடி என்ற ஊரைச் சீவரமங்கலம் என்று பெயர் மாற்றி மகத நாட்டிலிருந்து வந்த சுஜ்ஜதபட்டனுக்குக் கொடுக்கும்போது, காராண்மையும் மீயாட்சியும் உள்ளடங்கக் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. அப்படித் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், இரண்டும் சேராத கொடைகளும் இருந்தன என்பதுதான் பொருள்.

பல்லவச் செப்பேடுகள் இதை இன்னும் விரிவாகச் சொல்கின்றன. செக்கு, தறி, தரகு, குயவர் கட்டும் குசக்காணம், திருமணத்துக்குக் கட்டும் கண்ணாலக்காணம் என்று எந்தெந்த வரி அரசுக்குப் போகாமல் கொடை பெற்றவருக்குப் போகும் என்று பட்டியல் வருகிறது. இந்த வரிகள் ரத்தாகிவிட்டன என்று பட்டியலைப் புரிந்துகொள்வது தவறு. குயவர் வரி கட்டுவது நிற்கவில்லை, வாங்குகிறவர் மாறினார்.

உழுதவர்கள் என்ன ஆனார்கள் என்பதில்தான் அறிஞர்களும் பிரிகிறார்கள். காசாக்குடிச் செப்பேட்டில் முன்பெற்றாரை மாற்றி என்று ஒரு தொடர் வருகிறது. முன்பு அந்த நிலத்தில் உரிமை பெற்றிருந்தவர்களை நீக்கிவிட்டுத்தான் புதியவருக்குக் கொடுத்தார்கள் என்பதில் ஐயமில்லை. அதன்பின் குடி நீக்கி என்று வருகிறது. செப்பேட்டைப் பதிப்பித்த ஹூல்ட்ஷ், குடிகளின் வீடுகளைக் கொடையில் சேர்க்காமல் விலக்கி என்று பொருள் கொண்டார். குடிகளையே ஊரிலிருந்து அகற்றி என்று படிப்பவர்களும் உண்டு. முதல் வாசிப்பில் உழவர் வீடு தப்பிக்கிறது. இரண்டாவதில் ஊரே காலியாகிறது. இருபுறமும் வாதம் இருக்கும்போது இதை வைத்துக்கொண்டு அரசன் உழவரைத் துரத்தினான் என்றோ, காப்பாற்றினான் என்றோ மேடையில் முழங்குவது நேர்மையாகாது. ஏடு ஏடாகப் பார்த்து, அந்த ஊரில் பின்னாளில் யார் இருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டும்.

அந்த வேறு சான்று பெரும்பாலும் கோயில் சுவரில்தான் கிடைக்கும். செப்பேடு ஒரு பெட்டிக்குள் இருக்கும், ஒரு கொடையைப் பேசும். கோயில் சுவரில் ஒரே ஊரைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக விற்பனை, அடமானம், வரிநீக்கம், விளக்குக்கு ஆடு, தகராறு, தண்டம் என்று சேர்ந்துகொண்டே போகும். ஊரார் வந்துபோகும் இடத்தில், எல்லோர் பார்வையிலும் பொறிக்கப்பட்டவை அவை. அதனால் அங்கே துணிந்து பொய் எழுதுவது கடினம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த ஊர்களின் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு ஊருக்கும் முதலில் அளந்தபடி மொத்த நிலம் வருகிறது. வேலி, மா, முந்திரி என்று இறங்கி, முந்திரிக்கும் கீழே மறுபடி மறுபடி பிரித்துக் கணக்குச் சொல்கிறார்கள். பிறகு அதிலிருந்து வரி வராத நிலத்தைக் கழிக்கிறார்கள்: ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடே போகும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு. மீதி நிலத்துக்குத்தான் இவ்வளவு கலம் நெல் காணிக்கடன் கோயிலுக்கு என்று வருகிறது. அதாவது இங்கே கோயிலுக்குப் போவது நெல் வருவாய். ஊரார் தங்கள் நிலத்தில் தொடர்ந்து இருந்தார்கள். அரசுக்கு அளந்த நெல்லைக் கோயில் பண்டாரத்துக்கு அளந்தார்கள். இந்த ஊர்கள் எல்லாம் கோயிலின் சொந்த நிலம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்தக் கழிவுப் பட்டியலை ஒருமுறை நின்று படிக்க வேண்டும்.

எழுதியவர்களுக்கு வரிக்கணக்குதான் நோக்கம். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து, ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் ஊரில் யார் எங்கே குடியிருந்தார்கள், தீண்டாமை ஊர் அமைப்பில் எப்படிப் பதிந்திருந்தது, நீர் எந்த வழியாகப் போனது என்று நமக்குத் தெரிகிறது. யாரும் சொல்ல நினைக்காமல் சொல்லிவிட்டுப் போன செய்தி இது. மெய்க்கீர்த்தியில் வரும் வெற்றிகளைவிட இதை நான் அதிகம் நம்புவேன்.

அரசர் ஆதரவுக்கும் இதே அளவுகோல்தான். ஈழத்து ஊர்களையும் பெரிய கோயிலுக்குக் கொடுத்ததாகக் கல்வெட்டு உண்டு. ஈழத்து ஊர்களின் வருவாயை இங்கே எழுதி வைக்கும் நிர்வாகப் பிடி ராஜராஜனுக்கு இருந்தது என்பதற்கு அது சான்று. ஆண்டுதோறும் அது கடல் கடந்து வந்து சேர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது. கொடுத்தது ஓர் ஆவணம், பெற்றது வேறோர் ஆவணம். இரண்டாவது கிடைக்கும்வரை முதலாவதை ஆணை என்றுதான் சொல்லலாம்.

கோயில் கல்வெட்டுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. சுவரில் இருப்பது எப்போதும் முதல் பொறிப்பு அல்ல. திருமழபாடியில் ராஜராஜன் தன் 28-ஆம் ஆண்டில் பழைய விமானத்தை இறக்கிப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். இறக்கும் முன் அதிலிருந்த கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுத்து வைத்தார்கள். புதிய சுவரில் அவை மறுபடி வெட்டப்பட்டது ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில். எவ்வளவு பொறுப்பான மனிதர்கள் என்று வியக்கத் தோன்றுகிறது. ஆனால் ஆராய்கிறவருக்கு அங்கே ஒரு வேலை சேர்கிறது. எழுத்தமைதி ராஜேந்திரன் காலத்தது, செய்தியோ அதற்கும் பல பத்தாண்டு மூத்தது. எழுத்தை மட்டும் பார்த்து இது போலி என்று தள்ளினால் தவறு. செய்தியை மட்டும் பார்த்து இது மூலம் என்று கொண்டாலும் தவறு. படியெடுத்தபோது ஒரு வரி விட்டுப்போனதா, ஓர் எண் மாறியதா என்பதை அதே ஊரின் மற்றக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

போலிச் செப்பேடுகள் நிறைய உண்டு. நிலம் கைமாறும் இடத்தில் போலிப் பத்திரம் வரும். அந்தக் காலமும் இதற்கு விலக்கல்ல. மேலைக் கங்கர் பெயரில் வந்த பல செப்பேடுகளைப் போலி என்று ஃபிளீட் ஒதுக்கினார். அதைப் பற்றிய வாதம் வெகுகாலம் நடந்தது. போலியைப் பிடிக்கும் வழிகள் மந்திரம் அல்ல. ஆட்சியாண்டு சொல்லும் காலத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். கிழமையும் திதியும் நட்சத்திரமும் கொடுத்திருந்தால் கணித்துப் பார்ப்பார்கள். பிற்காலத்தில் உட்கார்ந்து எழுதியவர் பெரும்பாலும் இங்கே சிக்குவார். அந்த அரசனுக்குப் பின்னால் வந்தவனின் பட்டம் முன்கூட்டியே வந்துவிடும். அந்தக் காலத்தில் இல்லாத நாட்டுப் பிரிவோ வரியோ தலைகாட்டும். வளையமும் முத்திரையும் ஏட்டின் துளைக்குப் பொருந்தாமல் இருக்கும். உண்மையான முத்திரையைப் பொய்யான ஏட்டில் கோப்பதும் நடந்திருக்கிறது. இவ்வளவையும் தாண்டி, ஆணத்தியாகவோ சாட்சியாகவோ வரும் ஒருவர் வேறோர் இடத்துக் கல்லில், அந்தக் கொடையோடு தொடர்பில்லாத வேலையாகத் தென்பட்டால் அதுதான் பெரிய பலம். வேள்விகுடிக்கு யானைமலை செய்தது அதைத்தான்.

இந்தச் செய்திகள் ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. நாயக்கர், சேதுபதி காலத்துச் செப்பேடுகள் இன்றும் மடங்களிலும் குடும்பங்களிலும் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு இந்த நிலம் எங்களுடையது என்று நம்பிக்கையோடு வழக்காட வருகிறவர்கள் இருக்கிறார்கள். செப்பேடு உண்மையாகவே இருந்தாலும், அது கொடுத்த உரிமை இன்றுவரை அறுபடாமல் வந்தது என்று காட்ட வேண்டும். சென்னை மாகாணத்தில் 1858-இல் இனாம் கமிஷன் அமைந்து, ஊர் ஊராக இனாம்களை விசாரித்து, யாருக்கு, என்ன சேவைக்கு, நிலமா வருவாயா என்று பதிவேட்டில் எழுதியது. பழைய செப்பேட்டுக்கும் இன்றைய பட்டாவுக்கும் நடுவில் நிற்கும் முக்கியமான கண்ணி அந்தப் பதிவேடு. அதன்பின் 1963-இன் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. அதனால் வீட்டில் செப்பேடு வைத்திருப்பவர்கள் முதலில் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல் இருக்க வேண்டும். தேய்த்தால் எழுத்தும், பழமையைக் காட்டும் பச்சைப் படிவும் போய்விடும். வளையத்தை அறுக்கக் கூடாது. எத்தனை ஏடு, எந்த வரிசை, யாரிடமிருந்து வந்தது என்று எழுதி வைத்துவிட்டு, தொல்லியல் துறையின் கல்வெட்டு அறிஞரிடம் காட்டிப் படியெடுக்கச் சொல்ல வேண்டும். படித்த பிறகு எல்லைப் பகுதியை எடுத்துக்கொண்டு, அதில் வரும் குளத்தையும் வாய்க்காலையும் பக்கத்து ஊர்ப் பெயர்களையும் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டோடும் இனாம் பதிவேட்டோடும் வைத்துப் பார்க்கலாம்.